கோடைக் காலத்தில் பாலின் சத்து: எரியோட்டுப் பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே கரூர் செல்லும் ரயில் பாதையில், வேடசந்தூர் தாலுகாவைச் சேர்ந்த எரியோடும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழும் பூமி அல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையும், கிணற்றில் ஊறும் நீரும், கண்மாயில் தேங்கினால் தேங்கிய நீருமே அங்குள்ள குடியானவனின் செல்வம். ஆகவே மானாவாரியாகச் சோளமும் நிலக்கடலையும் விதைத்து, சோளத்தட்டையைப் படப்பு போட்டு வைத்து, அந்தத் தட்டையைக் கொண்டே அடுத்த மழை வரையில் மாடுகளைக் காப்பாற்றுவது அந்தப் பிரதேசத்தின் நெடுங்கால வழக்கமாக இருந்து வருகிறது. மழை பொய்த்த ஆண்டில் பயிர் கைவிட்டாலும் பால் கைவிடாது என்ற நம்பிக்கையில்தான் இரண்டோ மூன்றோ கலப்பினப் பசுக்களை வாங்கிக் கட்டியவர்கள் அங்கே மிகுதி. அந்தப் பாலே பங்குனி பிறந்ததும் இளைக்கத் தொடங்கி, சித்திரை, வைகாசியில் சங்கத்துச் சீட்டில் விலையாகக் குறைந்து வருவது, அவர்களுக்கு ஆண்டுதோறும் நேரும் மனவேதனை.

அந்த வேதனைக்கு ஒரு விசேஷ காரணம் உண்டு. கறவை குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். தீனி குறைந்தது, வெயில் அதிகம் என்று மனம் சமாதானம் கொள்ளும். ஆனால் கறந்த பால் முன்போலவே வெள்ளையாகத் தோன்றும்போது, அதில் கொழுப்பு இத்தனை, இதரச் சத்து இத்தனை என்று கருவி சொல்லும் எண் மட்டும் குறைந்து, அதனால் லிட்டருக்குச் சில ரூபாய் பிடிக்கப்படும்போது, தண்ணீர் கலந்ததாகத் தன்மேல் சந்தேகம் விழுகிறதோ என்ற கூச்சமும், சங்கத்தில் அளவை சரியில்லையோ என்ற ஐயமும் ஒருங்கே எழுகின்றன. இவ்விரண்டு சந்தேகங்களையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், கோடையில் குறைவதாகக் காணப்படும் சத்தில் ஒரு பகுதி மாட்டின் உடலில் மெய்யாகவே குறைவது என்பதும், இன்னொரு பகுதி கருவியை உஷ்ணத்தில் படிப்பதால் குறைவதுபோலத் தோன்றுவது என்பதும் தெளிவாகும். கூட்டுறவுச் சங்கத்தின் முதற்கடமை இவ்விரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்வதே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் மாட்டின் உடலைப் பார்ப்போம். பசு உண்ட தட்டையும் புல்லும் அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் நொதிக்கப்படுகின்றன. அந்த நொதித்தலே ஓர் அடுப்பு. நார் மிகுந்த தீனி அந்த அடுப்பை அதிகமாக எரியவிடுகிறது. வெளியே காற்று முப்பத்தெட்டு பாகை சென்டிகிரேடைத் தொட்டு, உடற்சூடு வெளியேற வழியில்லாமற்போகும்போது, பசு தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்கிறது. அதிலும் அடர்தீவனத்தை விட்டுவிடாமல் தட்டையையே முதலில் ஒதுக்குகிறது. பாற்கொழுப்பின் ஏறக்குறையப் பாதி, நார்ப்பொருள் நொதித்து உண்டாகும் அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு மடியிலேயே கட்டப்படுவது. நார் உள்ளே செல்வது குறைந்தால் அந்த மூலப்பொருளே குறைந்துவிடுகிறது.

இதனோடு வேறொரு தொடர்ச்சியும் சேர்கிறது. வெயிலில் நிற்கும் மாடு வாய் திறந்து இரைக்கிறது. எச்சில் நூலாய் ஒழுகுகிறது. இரைப்பதனால் உடலிலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, இரத்தத்தின் சமநிலையைக் காக்கும் பொருட்டுச் சிறுநீரகம் பைகார்பனேட் உப்பை வெளியே தள்ளுகிறது. அந்த உப்புதான் எச்சில் வழியாக இரைப்பைக்குள் சென்று அங்கே சுரக்கும் அமிலத்தை அடக்க வேண்டியது. அசைபோடுவதும் குறைந்து, வந்த எச்சிலும் தரையில் ஒழுகி, இருந்த உப்பும் வெளியேறிவிட்டால், இரைப்பை புளித்துப்போகிறது. புளித்த இரைப்பையில் நுண்ணுயிர்களின் வேலை திசை மாறி, கொழுப்பமிலங்களில் சில வழக்கத்திற்கு மாறான வடிவத்தில் உருவாகி, இரத்தத்தோடு மடியை அடைந்து, கொழுப்பு உற்பத்தியையே தடுத்து நிறுத்துகின்றன என்பதைச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். தட்டை தின்னாத மாட்டிற்குக் கறவை குறையக் கூடாதே என்று தவிட்டையும் மாவையும் அள்ளி வைப்பவர் பலர். அன்பினால் செய்யும் அந்தக் காரியமே கொழுப்பை இன்னும் குறைத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

கொழுப்பற்ற இதரச் சத்து, சங்கத்தார் எஸ்.என்.எஃப். என்று சுருக்கி வழங்கும் பகுதி, பெரும்பாலும் புரதமும் பாற்சர்க்கரையும் தாது உப்புகளும் சேர்ந்தது. இவற்றுள் சர்க்கரை எளிதில் மாறாது; ஏனெனில் பாலின் நீர்ப்பங்கை ஈர்த்து நிறுத்துவதே அதன் வேலையாகையால், சர்க்கரை குறைந்தால் பாலின் அளவே குறைந்துவிடும். கோடையில் முதலில் தளர்வது புரதம், அதிலும் தயிராக உறையும் கேசின். தீனி குறைந்து உடலில் சக்தி போதாதபோது இரைப்பை நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை; பசுவுக்குக் கிடைக்கும் நல்ல புரதத்தில் பெரும்பங்கு அந்த நுண்ணுயிர்களின் உடலே. கிடைத்த சிறிதும் உடற்சூட்டைச் சமாளிப்பதிலே செலவாகிறது. கோடையில் பச்சைத் தீவனம் அற்று, சத்துக் குறைந்த உலர்ந்த தட்டை மட்டுமே மிஞ்சும் எரியோட்டுப் பக்கத்தில் இந்தப் பற்றாக்குறை இரட்டிப்பாகிறது. ஆகவே எஸ்.என்.எஃப். விழுவதற்கு உஷ்ணம் பாதிக் காரணம் என்றால், மாட்டுக் காடியின் வறுமை மறுபாதிக் காரணம். வெளிக்குத் தெரியாத மடிநோய் உள்ள மாட்டில் சர்க்கரையும் கேசினும் இரண்டுமே குறைந்து, உப்பு மட்டும் ஏறுவதால், கோடையில் ஒரே ஒரு மாட்டின் எஸ்.என்.எஃப். மட்டும் திடீரென விழுந்தால் வெயிலைக் குறை சொல்வதற்கு முன் மடியைச் சோதிப்பது நலம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொழுப்பின் நடத்தை எஸ்.என்.எஃப். போல ஒரே சீராக இராது. கறவை வெகுவாகக் குறைந்த மாட்டில் கொழுப்புச் சதவிகிதம் நிலையாகவோ, சற்று ஏறியோகூட இருக்கலாம்; மொத்தக் கொழுப்பு குறைந்தாலும் குறைந்த பாலில் அது செறிந்து நிற்பதே அதற்குக் காரணம். கறக்கும் இடைவெளி நீண்ட காலைப் பாலில் கொழுப்புக் குறைவு, மாலைப் பாலில் அதிகம் என்பதும், முதற்பாலில் குறைந்து கடைசிப் பாலில் மிகுந்திருப்பதால் கன்றுக்கு விடும் பாலில்தான் கொழுப்பு போய்விடுகிறது என்பதும் கறப்பவர் அறிந்ததே. ஆகவே ஒரு நாள், ஒரு வேளைச் சீட்டைக் கொண்டு கோடையின் விளைவை அளக்க முடியாது.

இனிக் கருவியின் பக்கம் வருவோம். தானியங்கிப் பால் பகுப்பாய்வுக் கருவிகள் பல சங்கங்களில் வந்துவிட்ட போதிலும், லாக்டோமீட்டர் என்னும் பாலடர்த்திமானி இன்னும் சங்கங்களை விட்டுப் போய்விடவில்லை. பாலில் மிதக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் காட்டும் டிகிரியைத் திருத்தி, நான்கால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கைக் கூட்டி, ஒரு நிலையான எண்ணைச் சேர்த்தால் எஸ்.என்.எஃப். கிடைக்கும். பல இடங்களிலும் கையாளப்படும் ஒரு வாய்பாடு இது:

SNF = CLR/4 + 0.25 × Fat + 0.44

இதில் முதலாவதாக வரும் சி.எல்.ஆர். என்பது லாக்டோமீட்டர் காட்டிய எண் அல்ல. வெப்பத்திற்காகத் திருத்திய எண். இந்தியத் தரநிலைப்படி செய்த லாக்டோமீட்டர் 27 பாகை சென்டிகிரேடில் சரியான எண்ணைக் காட்டுமாறு அமைக்கப்பட்டது. பால் அதைவிடச் சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து, குழாய் சற்று ஆழமாக மூழ்கி, குறைந்த எண்ணைக் காட்டும். ஒவ்வொரு பாகை சூட்டிற்கும் ஏறத்தாழ 0.2 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சித்திரை மாதத்தில் கறந்த சூடு ஆறாமல் சங்கத்திற்கு வந்த பால் 35 பாகையில் இருக்கிறது, கொழுப்பு 4.0, லாக்டோமீட்டர் 24 காட்டுகிறது. வெப்பமானியை வைக்காமல் இந்த 24-ஐயே வாய்பாட்டில் இட்டால், 6.0 கூட்டல் 1.0 கூட்டல் 0.44, ஆக எஸ்.என்.எஃப். 7.44. வெப்பமானி வைத்து, எட்டுப் பாகைக்கு 1.6 டிகிரியைச் சேர்த்து 25.6 என்று இட்டால், 7.84. இரண்டிற்கும் இடையே உள்ள 0.40 மாட்டிலிருந்து குறைந்தது அல்ல; மேசை மீது வெப்பமானி இல்லாததால் குறைந்தது. ஒரு நாளும் விடாமல் கோடை முழுவதும் இதே பிழை நேர்ந்தால், உற்பத்தியாளர் ஒவ்வொரு லிட்டரிலும் தம் பாலில் குறையாத சத்துக்காகத் தண்டம் கட்டுகிறார் என்றே பொருள். குளிர்காலத்தில் பால் ஆறிய பிறகு அளக்கப்படுவதால் இந்தப் பிழை சிறியதாக இருந்து, கோடையில் மட்டும் பெரிதாகிறது. அதனால்தான் அது வெயிலின் கொடுமையாகவே எல்லோருக்கும் தோற்றமளிக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு நுட்பமும் உண்டு. அப்போதுதான் கறந்த பாலில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதாலும், கொழுப்பு இன்னும் உருகிய நிலையில் இருப்பதாலும், அதன் அடர்த்தி உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே தெரியும். சில மணி நேரம் கழித்து அளந்தால் அதே பால் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை கூடுதலாகக் காட்டும். வீட்டிற்கு அடுத்தாற்போலுள்ள சங்கத்தில் உடனே ஊற்றுபவரின் பால், இரண்டு மைல் நடந்து வந்து ஊற்றுபவரின் பாலைவிடக் குறைவாகத் தெரிவதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை.

கொழுப்பை அளப்பதிலும் கோடைக்கே உரிய இடையூறுகள் நேர்கின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கெர்பர் வகுத்த முறைப்படி, பத்து மில்லி கந்தக அமிலத்தில் 10.75 மில்லி பாலையும் ஒரு மில்லி அமைல் ஆல்கஹாலையும் சேர்த்து, குலுக்கி, சுழற்றி, 65 பாகை நீரில் வைத்துப் படிப்பது வழக்கம். மாதிரி சரியாக எடுக்கப்பட்டிருந்தால்தான் அந்த முறை உண்மையைச் சொல்லும். உச்சி வெயிலில் குலுங்கியபடி வரும் கேனில் கொழுப்பு திரண்டு மூடியிலும் கழுத்திலும் ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் கலக்காமல் மேலாக எடுத்தால் கொழுப்பு அதிகமாகவும், அடியிலிருந்து எடுத்தால் குறைவாகவும் வரும். கேனில் புளிப்பு ஏறத் தொடங்கிவிட்டால் குழாயில் கரியும் தயிர்த் துகளும் படிந்து, கோடு எங்கே முடிகிறது என்பதே தெரியாமற்போகும். தானியங்கிக் கருவியும் இந்த விதிக்கு விலக்கல்ல. மாதிரி கெட்டால் கருவியின் பதிலும் கெடும் என்பதோடு, அதை அடிக்கடி கெர்பர் சோதனையோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் பிழை மாதக்கணக்கில் மௌனமாகத் தொடரும்.

இவ்வளவையும் விலக்கிய பின்னும் எஸ்.என்.எஃப். 7.8 என்றே நின்றால், அது வெயிலா, தண்ணீரா என்ற கேள்வி எஞ்சும். 8.5 எஸ்.என்.எஃப். உள்ள பாலில் நூற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் விட்டாலும் ஏறத்தாழ அதே எண், 7.87, வரும்; எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது பாலின் உறைநிலை. பசுவின் இரத்தத்தோடு சமநிலையில் சுரப்பதால் பாலின் உறைநிலை பூஜ்யத்திற்கு ஏறத்தாழ 0.54 பாகை கீழே நிற்கும். கோடையில் புரதம் குறைந்தாலும் கொழுப்பு குறைந்தாலும் அது அதிகம் அசைவதில்லை. தண்ணீர் சேர்ந்தால் மட்டும், நூற்றுக்கு ஒரு பங்கிற்கு ஏறக்குறைய 0.005 பாகை வீதம் பூஜ்யத்தை நோக்கி ஏறும். எட்டுப் பங்கு நீர் கலந்த பால் மைனஸ் 0.50-க்கு அருகில் உறையும். வெயிலில் இளைத்த கலப்பற்ற பால் மைனஸ் 0.53, 0.54-இலேயே உறையும். இந்தப் பரிசோதனைக் கருவி எல்லாச் சங்கத்திலும் இருக்க முடியாது. சந்தேகம் எழுந்த இடத்தில் பரிசோதகர் மறுநாள் அதே வேளையில் கொட்டகைக்கே சென்று, தம் கண்முன் முழுமையாகக் கறந்த பாலை எடுத்துச் சோதித்து முந்தின நாள் சீட்டோடு ஒப்பிடுவது கிராமத்திலேயே செய்யக்கூடிய நியாயமான வழி. அந்தச் சோதனையிலும் எண் குறைந்திருந்தால், அந்தக் குடும்பத்தின் நாணயத்தைப் பற்றி அதன் பிறகு எவரும் பேசக் கூடாது.

மெய்யாகக் குறைந்த சத்தைச் சங்கத்திற்கு மேலுள்ள மாவட்ட ஒன்றியம் எப்படிச் சமாளிக்கிறது என்பது அடுத்த விஷயம். தமிழ்நாட்டில் கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், 1981-இல் அமைந்த மாநில இணையம் என்ற மூன்று படிகளில் இந்த ஸ்தாபனம் இயங்குகிறது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பாலுக்குச் சட்டம் அளவு வகுத்திருக்கிறது: சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3.0, எஸ்.என்.எஃப். 8.5, நிலைப்படுத்திய பாலில் 4.5, 8.5, நிறைகொழுப்புப் பாலில் 6.0, 9.0. கோடையில் 8.0 எஸ்.என்.எஃப். உள்ள பாலாகவே வந்தாலும், வாங்குகிறவருக்கு 8.5 கொடுத்தாக வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் க்ரீமாகப் பிரித்தெடுக்கலாம், எஸ்.என்.எஃப். பற்றாவிட்டால் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலப்பதுதான் வழி. மழைக்குப் பின் பால் பெருகும் மாதங்களில் மிஞ்சிய பாலை வெண்ணெயாகவும் பவுடராகவும் மாற்றி, பால் சுருங்கும் மாதங்களுக்குச் சேமித்து வைப்பதே இந்தக் கூட்டுறவு ஏற்பாட்டின் உயிர்நாடி. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தோன்றிய ஒன்றியம் ஆனந்தில் இந்த முறையை நிலைநாட்டியது.

பவுடரின் செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கிலோ பாலில் எஸ்.என்.எஃப். 8.0 என்றால் அதில் 800 கிலோ சத்து உள்ளது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தரைப் பங்கு சத்துள்ள பவுடரை 57 கிலோவிற்குச் சற்று மேலாகக் கலந்தால் அது 8.5 ஆகிவிடும். பவுடர் கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், செலவு சுமார் பதினான்காயிரத்து நானூறு ரூபாய். கிலோ பாலுக்கு ஒரு ரூபாய் நாற்பத்து நான்கு காசு. அதாவது எஸ்.என்.எஃப். ஒவ்வொரு 0.1 குறைவதையும் ஈடுகட்ட ஒன்றியத்திற்கு ஆகும் மெய்யான செலவு இந்த விலையில் கிலோவுக்கு இருபத்தொன்பது காசுதான். பவுடர் விலை ஏறினால் இதுவும் ஏறும், கணக்கு ஒன்றே.

இந்த எண்ணை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 நவம்பர் 5 முதல் பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாயும் எருமைப் பாலுக்கு 44 ரூபாயும் என்று அரசு கொள்முதல் விலை நிர்ணயித்தது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. நிர்ணயித்த சத்துள்ள பாலுக்கே முழு விலை. சத்து குறையக் குறைய விலைப்பட்டியலில் விலையும் இறங்கும். கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.-ஐயும் தனித்தனியே மதிப்பிடும் இந்த முறை, கொழுப்பை மட்டும் பார்த்த பழைய முறையைவிடப் பசு வளர்ப்பவர்களுக்கு நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இறங்கும் படி, ஈடுகட்ட ஆகும் செலவைவிடப் பெரிதாக இருந்தால், அது தரத்தைக் காக்கும் விலையாக இராது. வெயிலுக்கு உற்பத்தியாளர் கட்டும் வரியாகிவிடும்.

கொட்டகையில் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தட்டையைத் துண்டாக்கி, வெயில் தாழ்ந்த பிறகும் விடியற்காலையிலும் கொடுத்தால், இரைப்பையின் சூடு உச்சம் அடையும் நேரம் இரவுக் குளிரோடு பொருந்தி, மாடு முழுமையாகத் தின்னும். கறவை மாடு கோடையில் நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் வரை நீர் அருந்தும். நிழலில் வைத்த தண்ணீர்த் தொட்டி நாள் முழுவதும் வற்றாமல் இருக்க வேண்டும். கிணற்றில் சிறிது நீர் மிஞ்சியவர் அரைக்குழியில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லோ, வேலி ஓரத்தில் அகத்தியும் சவுண்டலுமோ வளர்த்தால் எஸ்.என்.எஃப். விழுவது பெருமளவு தடைப்படும். சங்கம் தாது உப்புக் கலவையையும் தீவன விதையையும் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளும் கடனாக மாசி மாதத்திலேயே கொடுத்துவிட வேண்டும். சித்திரையில் கொடுப்பதால் பயன் மிகக் குறைவு. ஓர் எச்சரிக்கை: மழையின்றிக் குன்றி நிற்கும் இளஞ்சோளத்திலும், வெட்டிய பின் துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்திலும் நஞ்சு இருக்கும், பச்சைக்கு ஆசைப்பட்டு அதை மாட்டிற்குப் போடக் கூடாது.

சங்கத்தின் செயலாளருக்கும் பரிசோதகருக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இதுதான்: வரும் பங்குனி பிறப்பதற்கு முன், மேசைமீது நல்ல வெப்பமானி ஒன்றையும், சுவரில் திருத்தப் பட்டியல் ஒன்றையும் வையுங்கள். சீட்டில் லாக்டோமீட்டர் டிகிரிக்குப் பக்கத்தில் பாலின் வெப்பநிலையையும் எழுதிக் கொடுங்கள். அவ்விரண்டு எண்களும் ஒருங்கே இருக்கும் சீட்டைப் பார்த்து உற்பத்தியாளர் தாமே கணக்கிட்டு உண்மையை அறிந்துகொள்வார்.